அனுபவதாரர் இல்லை

அமாவாசையன்று காஞ்சிபுரத்தில் தறி ஓடாது. தறி ஓடாத நாளில் டிசைன் அட்டை கேட்டு யாரும் வரமாட்டார்கள். ஜோசுவா தேவாலயத்துக்குப் போகிற ஆள்தான், அமாவாசை அவருக்கு ஒன்றுமில்லை. இருந்தாலும் ஒவ்வொரு அமாவாசைக்கும் கடையின் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு, மனைவி ஷாரோனுடன் கூரத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போய்விடுவார். ஒன்பது வருஷமாக அப்படித்தான்.

சேலையின் கரையிலும் முந்தானையிலும் விழ வேண்டிய பூவையும் மயிலையும் அட்டையில் துளைகளாகக் குத்தித் தருவது அவர் தொழில். அந்த அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால்தான் டிசைன் விழும். முன்பு கையால் குத்தினார். பிறகு ஷாரோனின் நகைகளை அடகு வைத்து, கம்ப்யூட்டரில் ஓடும் இயந்திரம் ஒன்றைச் சேலத்தில் தொழிலை விட்ட ஒருவரிடம் இரண்டாம் கையாக வாங்கினார். தரையில் சிமெண்ட் மேடை போட்டு, நான்கு போல்ட்டு இறக்கி அதை நிறுத்தினார்.

கடை ஐயம்பேட்டைக்குப் போகிற சாலையை ஒட்டி இருந்தது. ஒரே கட்டடம், இரண்டு ஷட்டர். ஒன்றில் ஜோசுவா. அடுத்ததில் அப்துல் சத்தார், மெத்தைக் கடை. கட்டடம் கதிர்வேலுடையது. கதிர்வேல் ஐம்பது, அறுபது தறிகளுக்குப் பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்து வாங்குகிற முதலாளி. ஜோசுவாவிடம் அட்டை வாங்கும் நெசவாளிகளில் பாதிப்பேர் அவருக்கு நெய்கிறவர்கள்.

ஒரு அமாவாசைக்கு மறுநாள் ஜோசுவா வந்தபோது சுவரில் சிவப்பு பெயிண்டால் ஒரு அம்புக்குறியும் எண்ணும் போட்டிருந்தது. ஷட்டரைத் தூக்கினால், மேடையைச் சுற்றித் தூசியில் செருப்புத் தடங்கள்.

"யாரு பாய் வந்தது?" என்று பக்கத்துக் கடையில் கேட்டார்.

சத்தார் பஞ்சைத் தட்டிக்கொண்டே சொன்னார். "ரோடு அகலம் பண்றாங்களாம்பா. சர்வேயரு, இன்னும் ரெண்டு பேரு வந்து அளந்துக்கினு போனாங்க. என்கிட்ட பேரு, ஆதாரு, எத்தினி வருஷமா இருக்கறேன்னு எல்லாம் கேட்டு எழுதனாங்க."

"என் கடை?"

"மூடிக்கினு இருந்துச்சே. கதிர்வேலு வந்து அவுருகிட்ட இருக்கற இன்னொரு சாவி போட்டுத் தொறந்து காட்டனாரு."

"என்னா சொன்னாரு?"

"எனக்கு மெஷின் ஓடுச்சுபா, காதுல விழல," என்றார் சத்தார். அன்றைக்குப் பஞ்சு அடிக்கும் இயந்திரம் பழுதாகி மெக்கானிக் கடையில் கிடந்தது. அது ஜோசுவாவுக்கும் தெரியும்.

கதிர்வேலை வீட்டில் போய்ப் பார்த்தார். கதிர்வேல் வாசலில் நின்றபடியே பேசினார்.

"உன் பேரை எழுதாம இருப்பேனா? எல்லாம் குடுத்துட்டேன். நீ போய் வேலையப் பாரு."

"சரிண்ணே."

"அடுத்த மாசம் வாடகைய ஒண்ணாந்தேதியே குடுத்துடு. கைல குடு. போன்ல கீன்ல அனுப்பாத, எனக்கு அது ஒத்துவராது."

அதுவும் ஒன்பது வருஷப் பழக்கம்தான். முதல் பதினோரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதினார்கள். தாள் கதிர்வேலின் பீரோவுக்குப் போனது. அதற்குப் பிறகு புதுப்பிக்கவில்லை, கேட்கவுமில்லை. இந்த ஊரில் லட்சம் பெறுமான பட்டும் ஜரிகையும் வாய்ப்பேச்சில்தான் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிறது. ரசீது கேட்பவனை, இவன் நாளைக்கு ஏமாற்றப்போகிறான் என்றுதான் பார்ப்பார்கள்.

சில மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் சத்தாரின் கடைக்குக் கிராம உதவியாளர் வந்து ஒரு நோட்டீஸைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். நிலத்திலோ கட்டடத்திலோ உரிமை அல்லது பாத்தியதை உள்ளவர்கள் தங்கள் கோரிக்கையை ஆதாரங்களுடன் குறித்த நாளில் நில எடுப்பு அலுவலர் முன் வைக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஜோசுவா தன் கடை வாசலிலேயே நின்றிருந்தார். அவரிடம் எதுவும் தரவில்லை.

"எனக்கு இல்லையாங்க?"

உதவியாளர் கையிலிருந்த கட்டைப் புரட்டினார். "ரெண்டாவது கடைக்கு ஓனருக்கு மட்டும்தான் இருக்குது. பொது நோட்டீஸ் அப்பவே ஒட்டியாச்சே, பாக்கலையா?"

ஒட்டித்தான் இருந்தது, எதிரில் இருந்த மின்கம்பத்தில். அதன்மேல் யாரோ ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டரை ஒட்டியிருந்தார்கள். அந்தப் போஸ்டரில் இருந்த பெரியவரின் முகத்தை ஜோசுவா இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே ஆட்சியர் அலுவலக வளாகத்தில் இருந்த நில எடுப்புப் பிரிவுக்குப் போனார்கள். ஷாரோனும் வேலைக்குப் போகாமல் கூட வந்தாள். அவள் ஏனாத்தூரில் ஒரு பெண்கள் விடுதியில் சமையல் வேலை செய்பவள். அந்தப் பிரிவின் உதவியாளர் நாற்காலியில் இருந்த இளைஞன் கோப்பைத் திருப்பிக் காட்டினான். முதல் கடை: அப்துல் சத்தார், வாடகைதாரர், மெத்தை வியாபாரம். இரண்டாவது கடை: பூட்டிய நிலை. உரிமையாளரின் கிடங்கு, உரிமையாளருக்குச் சொந்தமான இயந்திரம் ஒன்று உள்ளது. அனுபவதாரர் இல்லை.

"அனுபவதாரர்னா?" என்றாள் ஷாரோன். அவளுக்குத் தெரியும். இருந்தாலும் இன்னொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

"இடத்தை யார் கைல வச்சி அனுபவிக்கறாங்களோ அவங்க. ஆள் இல்லைன்னு எழுதியிருக்கு."

"ஒம்போது வருஷமா நாங்கதான் இருக்கறோம்பா."

அவன் கெட்டவன் இல்லை. பொறுமையாகவே சொன்னான். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் உண்டான மதிப்பு உரிமையாளருக்குப் போகும். வாடகைதாரருக்கு அதில் பங்கு கிடையாது. ஆனால் வாடகைதாரர் சொந்தமாகப் பொருத்தியவை, தொழிலை இடம் மாற்றும் செலவு, அதனால் வருமானத்தில் விழும் அடி, இவற்றை அவர் கேட்கலாம். அது போக, நில எடுப்புக்கு முன்னால் மூன்று வருஷமாவது அந்த இடத்தில் தொழில் செய்து, அதையே முக்கியப் பிழைப்பாக வைத்திருந்த குடும்பத்துக்கு மறுவாழ்வுத் தொகை தனியாக உண்டு. சொந்த இடமாக இருக்கவேண்டும் என்று இல்லை. வாடகைக்கு இருந்தவர், அங்கே வேலை செய்தவர்கூடச் சேர்த்திதான். பெயர் பட்டியலில் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

"ஏறலைன்னா?"

"ஏறலைன்னா நீங்க அந்த இடத்துல இல்லவே இல்லைன்னு அர்த்தம்." சொல்லிவிட்டு அவனே கொஞ்சம் சங்கடப்பட்டான். "விசாரணைக்கு இன்னும் நாள் இருக்கு. கோரிக்கை மனு குடுங்க. வாடகை ரசீது, ஒப்பந்தம், தொழில் உரிமம், கரண்ட் பில், மெஷின் வாங்கின பில், என்ன இருக்கோ எல்லாம் வைங்க."

வெளியே வந்து மரத்தடியில் நின்று எண்ணிப் பார்த்தார்கள். ரசீது இல்லை. ஒப்பந்தம் கதிர்வேலிடம். தொழில் உரிமத்துக்கு உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும், அதைக் கதிர்வேல் கடைசிவரை தரவில்லை. மின் இணைப்பு அவருடைய அப்பா பெயரில். இயந்திரத்தைச் சேலத்துக்காரர் பில் போடாமல்தான் விற்றார், அதனால்தான் விலை குறைந்தது. மிஞ்சியது ஜோசுவாவின் போனில் இருந்து மின்கட்டணம் கட்டிய விவரம் மட்டும். அதை வைத்து மனு எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டார்கள்.

மனுவின் செய்தி கதிர்வேலுக்குப் போய்ச் சேர ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு காலை ஜோசுவா கடைக்கு வந்தபோது, தன் பூட்டுக்கு மேல் இன்னொரு பெரிய பூட்டுத் தொங்குவதைக் கண்டார். உள்ளே பாதி குத்திய அட்டைகள் இருந்தன. கல்யாண ஆர்டர்.

காவல் நிலையத்தில் எழுத்தர் விஷயத்தைக் கேட்டார். "வாடகைக்கு இருக்கறதுக்கு ப்ரூப் என்னா வச்சிருக்கற?"

"அதாங்க சார் இல்ல."

"அப்ப இது சிவில் மேட்டரு. கோர்ட்டுக்குப் போ."

கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று ஒரு வக்கீலிடம் கேட்டார்கள். பூட்டைத் திறக்க உத்தரவு வாங்கலாம், ஆனால் அங்கே இருந்தாய் என்பதை முதலில் காட்ட வேண்டும் என்றார். சாட்சி இருக்கிறதா?

சாட்சி என்றால் பக்கத்துக் கடைக்காரர்தான். ஷாரோன் தானே சத்தாரிடம் போனாள். ரம்ஜானுக்கு அவர் வீட்டு நோன்புக் கஞ்சி இவர்கள் வீட்டுக்கு வரும். கிறிஸ்துமஸ் கேக் அங்கே போகும். அந்தத் தைரியம் அவளுக்கு.

"பாய், நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னா போதும். ஒம்போது வருஷமா பக்கத்துல பாத்துக்கினு இருக்கறீங்க."

சத்தார் ஒரு தலையணையின் வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்தவில்லை. "நான் என்னாத்தம்மா பாத்தேன். என் கண்ணுல எப்பவும் பஞ்சு."

"வெளாடாதீங்க பாய்."

"வெளாடல. ரோட்டுக்கு முன்பக்கம்தான் போவுது. பின்னாடி ஒரு ரூமு அளவு மிஞ்சுது. அத எனக்குத் தரேன்னு வாக்குக் குடுத்துருக்காரு. உன் பக்கம் வந்து நின்னா நான் எங்க போவட்டும்? எனக்கும் மூணு பொண்ணு இருக்குது."

"எங்களுக்கு யாரு இருக்குது?"

"உங்களுக்கு கவுர்மெண்டு இருக்குது," என்றார் சத்தார். பஞ்சு ஒட்டிய தாடிக்குள் சிரித்தார். "உங்க ஆளுங்களுக்குத்தான் அது எதுனா குடுத்துக்கினே இருக்குதே."

ஷாரோன் சேலையில் ஒட்டிய பஞ்சைத் தட்டிவிட்டாள். "அடுத்த நோம்புக்குக் கஞ்சி அனுப்பாதீங்க பாய்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

நெசவாளிகளிடம் போனார் ஜோசுவா. முனுசாமி என்ற ஒருவர், பத்துச் சேலைக்காவது இவரிடம் அட்டை வாங்கியவர், வீட்டுக்குள் உட்காரவைத்து டீ கொடுத்தார். கையெழுத்து மட்டும் போடமாட்டேன் என்றார். "அவுரு பாவு நூலு குடுக்கறத நிறுத்திட்டாருன்னா என் தறி நின்னுடும்பா. நீ வேற யார்னா கேளு." வேறு யாரைக் கேட்டாலும் இதே பதில், டீ மட்டும்தான் கிடைக்கவில்லை.

விசாரணைக்கு மூன்று நாள் இருக்கும்போது கதிர்வேலே ஜோசுவாவின் வீட்டுக்கு வந்தார். அந்தத் தெருவுக்குள் அவர் வண்டி நுழைந்தது அதுதான் முதல் தடவை. வீட்டுக்குள் வரவில்லை. ஷாரோன் நாற்காலி கொண்டுவந்து போட்டாள், உட்காரவில்லை.

"எதுக்குடா பெட்டிஷனு? நமக்குள்ள என்னா இருக்குது?"

"பூட்டு இருக்குதுண்ணே," என்றார் ஜோசுவா.

"தொறந்து உடறேன். நான் சொல்றதக் கேளு. கிடங்குன்னு எழுதிட்டேன், அது என் தப்பு. கிடங்குன்னா தொழில் நஷ்டம் கேக்க முடியாதாம், வக்கீல் சொல்றான். ஓடிக்கினு இருந்த தொழில்னு காட்டணும். நீ வந்து, முதலாளி தொழில்தான், ஒம்போது வருஷமா நான் அதுல வேலைக்காரன், மெஷின் அவுருதுன்னு ஒரு வார்த்த சொல்லிடு. உன் பெட்டிஷன வாபஸ் வாங்கிடு."

"எனக்கு என்னா?"

"வேலைக்காரனுக்கும் மறுவாழ்வுப் பணம் உண்டு. அது உன் அக்கவுண்டுக்கே வரும், நான் தொட மாட்டேன். மெஷின நீயே எடுத்துக்கினு போயிடு. எனக்கு எதுக்கு அது? எனக்கு அத ஓட்டத் தெரியுமா?"

ஷாரோன் குறுக்கே வந்தாள். "இவ்ளோ தூரம் தேடிக்கினு வந்துருக்கீங்கன்னா உங்களுக்கும் எதுவோ மாட்டியிருக்குது."

"உன் பொண்டாட்டி விவரம்தான்," என்றார் கதிர்வேல் ஜோசுவாவிடம். அவளைப் பார்க்கவில்லை. "ரெண்டு பேரும் ஒரே பொருளக் கேட்டா கேஸு நஷ்டஈட்டு ஆணையத்துக்குப் போயிடும். பணம் அங்க போய்ப் படுத்துக்கும். எனக்கு வேற சொத்து இருக்குது, நான் பத்து வருஷம் காத்திருப்பேன். நீ காத்திருப்பியா? மெஷினு அதுவரைக்கும் என் பூட்டுக்குள்ள இருக்கும். துருப்பிடிக்கும்."

"அப்ப மெஷினு எங்களுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க," என்றாள் ஷாரோன்.

அப்போதுதான் அவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "எழுதிக் குடுக்கணுமா? ஒம்போது வருஷத்துல உன் புருஷன் ஒரு ரசீது கேட்டிருக்கானா? அவனுக்குத் தெரியும் நம்ம ஊரு பழக்கம். கேட்டுப் பாரு அவன."

ஜோசுவாவுக்குக் கேட்கத்தான் தோன்றியது. ஆனால் பட்டு முதலாளி ஒருவரிடம், வீட்டு வாசலில் நிற்கவைத்துக்கொண்டு, எழுதிக் கொடு என்று கேட்பதற்கு வாய் வரவில்லை. கேட்டால் பேச்சு முறிந்துவிடும் என்று பயந்தார். கல்யாண ஆர்டர்க்காரர்கள் அட்டையைக் கேட்டு ஒரு நாளைக்கு நான்கு தடவை போன் செய்துகொண்டிருந்தார்கள். நகைக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

"சரிண்ணே," என்றார்.

"அண்ணே இல்ல. அங்க வந்து முதலாளின்னு சொல்லணும். இப்பவே பழகிக்கோ."

கதிர்வேல் போன பிறகு ஷாரோன் நாற்காலியை எடுத்து உள்ளே போட்டாள். "அவரு பயந்துக்கினு வந்தாரு. நீ அவருக்கு முன்னாடி பயந்துட்ட," என்றாள். இரவு அவள் சாப்பிடவில்லை.

விசாரணை அந்த அலுவலகத்தின் மாடியில் நடந்தது. நில எடுப்பு அலுவலர் ஒரு பெண், ஐம்பது வயது இருக்கும், தனித் துணை ஆட்சியர். முன்னால் ஒரு மின்விசிறி. காகிதங்கள் பறக்காமலிருக்க ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு ஸ்டேப்ளரோ தண்ணீர் பாட்டிலோ வைத்திருந்தார். சத்தாரின் விஷயம் சுருக்கமாக முடிந்தது. பிறகு இரண்டாவது கடை.

"இது கிடங்குன்னு சர்வேல இருக்கு. நீங்க இப்ப தொழில் நஷ்டம் கேக்கறீங்க," என்றார் கதிர்வேலிடம்.

"ஓடிக்கினு இருந்த தொழில்தாங்க மேடம். அன்னிக்கு அமாவாசை, தறி கெடையாது, ஆள் லீவு. எழுதனவரு தப்பா புரிஞ்சிக்கினாரு. இதோ, வேலை செய்யறவன கூட்டிக்கினு வந்துருக்கறேன்."

அலுவலர் ஜோசுவாவைப் பார்த்தார். பிறகு கோப்பிலிருந்து அவருடைய மனுவை எடுத்து மேலே வைத்தார்.

"நீங்கதானே வாடகைதாரர்னு மனு குடுத்தது?"

"ஆமாங்க."

"இப்ப வேலைக்காரர்னு சொல்றாங்க. எது உண்மை?"

அலுவலர் பேனாவை மூடி வைத்தார். "இங்க பாருங்க. உங்க மனுவை நான் தள்ளப் போறதில்ல. ஆதாரம் குறைவுதான், இருந்தாலும் மின்கட்டணம் கட்டியிருக்கீங்க. தகராறு இருக்குன்னு எழுதி ஆணையத்துக்கு அனுப்புவேன். தகராறான தொகை அங்க டெபாசிட் ஆகும். அவங்க சாட்சி விசாரிச்சி முடிவு பண்ணுவாங்க. எவ்வளவு காலம் ஆகும்னு என்னால சொல்ல முடியாது. அதுக்காகக் கட்டடம் நிக்காது, இடத்தை நாங்க எடுத்துடுவோம். ஆணையத்துக்குப் போறது உங்க உரிமை. யாராவது மிரட்டினாங்களா?"

அறையில் எல்லோரும் ஜோசுவாவைப் பார்த்தார்கள். கதிர்வேல் மட்டும் கூரையைப் பார்த்தார். கதவருகில் நின்ற ஷாரோன் ஒரு அடி முன்னால் வந்து நின்றாள்.

"இல்லீங்க மேடம்," என்றார் ஜோசுவா.

"அப்ப?"

"முதலாளி தொழில்தான். நான் அவருகிட்ட வேலை செய்யறேன்."

"எவ்வளவு வருஷமா?"

"ஒம்போது வருஷமா."

"மெஷின்?"

"முதலாளிதுங்க."

"மின்கட்டணம் உங்க போன்ல இருந்து ஏன் போச்சு?"

"நான்தான் கட்டச் சொல்லுவேன் மேடம்," என்று கதிர்வேல் முந்திக்கொண்டார். "பணத்த கைல குடுத்துடுவேன். எனக்கு இந்தப் போன்லாம் தெரியாது."

"சம்பளம் எவ்வளவு?"

"மாசம் ஒம்பதாயிரம்," என்றார் கதிர்வேல்.

அலுவலர் ஜோசுவாவைப் பார்த்தார். ஜோசுவா தலையாட்டினார். அலுவலர் எல்லாவற்றையும் எழுதச் சொல்லி, வாசித்துக் காட்டச் சொல்லி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். மனுவை வாபஸ் பெறுவதாக ஜோசுவா தனியாக ஒரு வரி எழுதினார். "மூணு வருஷத்துக்கு மேல அங்கயே பிழைப்புன்னா மறுவாழ்வுப் பட்டியல்ல உங்க குடும்பம் சேரும். நான் பரிந்துரை பண்றேன்," என்றார் அலுவலர். அவர் குரலில் ஒரு தயவு இருந்தது. அது ஜோசுவாவுக்கு எல்லாவற்றையும்விட அதிகமாக வலித்தது.

படியிறங்கும்போது கதிர்வேல் சத்தாரிடம் சொல்லிக்கொண்டு வந்தார். "பையன் கரெக்டா சொன்னான் பாய். நாம சொல்லிக் குடுத்ததவிட நல்லா சொன்னான்."

பூட்டு மட்டும் திறக்கவில்லை. ஆர்டர்க்காரர்கள் வேறு ஊரில் அட்டை அடித்துக்கொண்டார்கள். "நஷ்டஈட்டுத் தீர்வம் வரட்டும், அதுக்கு முன்னாடி எடுத்தா ஆபீசுல சந்தேகம் வரும்," என்று கதிர்வேல் ஒவ்வொரு தடவையும் சொன்னார்.

யாருக்கு எவ்வளவு இழப்பீடு என்று முடிவு செய்யும் அந்தத் தீர்வம் வந்தது. கதிர்வேலுக்குக் கட்டடம், நிலம், தொழில் நஷ்டம், இயந்திரத்தை இடம் மாற்றும் செலவு எல்லாம் சேர்ந்து கணக்கில் ஏறியது. மறுவாழ்வுப் பட்டியலில் ஜோசுவாவின் பெயர் இருந்தது. கதிர்வேல் என்பவரிடம் தொழிலாளி என்று எதிரில் போட்டிருந்தது. வந்த தொகையில் நகையின் வட்டியையும் அசலில் பெரும்பகுதியையும் அடைத்தார்கள். அதில் மீண்டு வந்த தன் சங்கிலியை ஷாரோன் கழுத்தில் போட்டுக்கொள்ளவில்லை. பெட்டியில் வைத்தாள்.

இடத்தைக் காலி செய்ய நோட்டீஸ் வந்தது. கடைசி நாளுக்கு முன்தினம் ஜோசுவா ஸ்பேனர்களையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு, ஒரு தட்டு வண்டி பேசி, ஷாரோனோடு போனார். கடை திறந்திருந்தது. வாசலில் கதிர்வேலின் லாரி ஏற்கனவே பின்பக்கம் திரும்பி நின்றது. நான்கு கூலியாட்கள் உள்ளே இயந்திரத்தைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள்.

"வாடா, நீ வருவன்னுதான் உக்காந்துக்கினு இருக்கறோம்," என்றார் கதிர்வேல். "இவனுங்களுக்குப் போல்ட்டு கழட்டத் தெரியல. ஒடச்சிடுவானுங்க."

"அண்ணே, வண்டி கொண்டாந்துருக்கறேன்."

"எதுக்கு?"

"மெஷின எடுத்துக்கோன்னு சொன்னீங்களே."

கதிர்வேல் அவரை மேலும் கீழும் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை, கூலியாட்களுக்கு ஒரு வேடிக்கையைக் காட்டுகிறவர்போல இருந்தார். "யாரு மெஷினுன்னு மேடம் கேட்டப்ப நீ என்னா சொன்ன? எழுதி வச்சிருக்குது, கையெழுத்துப் போட்டுருக்கற. கவுர்மெண்டு அத வச்சிதான் எனக்கு எடம் மாத்தற செலவு குடுத்துருக்குது. இப்ப நான் உனக்குக் குடுத்தா அது கவுர்மெண்ட ஏமாத்துன மாதிரி ஆவாதா?"

ஒரு கூலியாள் சிரித்தான்.

"வாய்ல சொன்னீங்களே," என்றார் ஜோசுவா.

"நீயும் வாய்லதான் சொன்ன. உன்னுத எழுதிக்கினாங்க, என்னுத எழுதல. யாரு மேல தப்பு?"

ஷாரோன் தட்டு வண்டிக்காரரிடம் போய், பேசியிருந்த வாடகையில் பாதியைக் கொடுத்து அனுப்பினாள். சத்தார் தன் மெத்தைகளைப் பின்னறைக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு சுருட்டிய மெத்தை அவர் முகத்தை மறைத்தது. அதை அவர் தேவைக்கு அதிகமான நேரம் தோளிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"கழட்டுடா," என்றார் கதிர்வேல். "ஐயம்பேட்டைல ஷெட்டு போட்டாச்சு. கரண்ட்டும் இழுத்தாச்சு. மெஷினு இருக்குது, ஓட்ட ஆளு வேணும் இல்ல? சம்பளம் தெரியும் உனக்கு, மேடத்துக்கு முன்னாடி சொன்னதுதான்."

ஜோசுவா குந்தி உட்கார்ந்தார். முதல் போல்ட்டு இளகவில்லை. ஸ்பேனரின் முனையில் ஒரு குழாயை மாட்டி இழுத்தார். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வந்தன. கூலியாட்கள் கயிறு போட்டுத் தூக்கியபோது இயந்திரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்து நிறுத்தினார். குத்தும் தலை அடிபட்டால் பிறகு எந்த அட்டையும் சரியாக விழாது. அது அவருக்கு மட்டும்தான் தெரியும். லாரியில் ஏற்றிய பிறகும் அவர் இறங்கவில்லை. இயந்திரத்தைக் கட்டிப்பிடித்தபடி மேலேயே நின்றார்.

கதிர்வேல் ஓட்டுநர் பக்கத்தில் ஏறிக்கொண்டு, கதவுக்கு வெளியே தலையை நீட்டி ஷாரோனிடம் சொன்னார். "நீ ஷேர் ஆட்டோல வந்துடும்மா. அங்க கூட்டிப் பெருக்கவும் ஆளு இல்ல."

ஷாரோன் லாரியின் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

"எறங்கு," என்றாள்.

"சாஞ்சிடும் ஷாரோன்."

"சாயட்டும். எறங்கு."

லாரி உறுமியது. ஜோசுவா ஒரு கையால் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கினார். "நீ வீட்டுக்குப் போம்மா," என்றார். "முதலாளிக்கு லேட் ஆவுது."